தனி டம்ளரும் ஒரே ஊசியும்

2019 ஜூலையில், மூன்றாம் மாதச் செக்கப்புக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் லேபிலிருந்து போன். "இன்னொரு தடவை சாம்பிள் குடுத்துட்டுப் போங்கம்மா." காரணம் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் கொடுத்தேன். சாயங்காலம் கையில் வந்த தாளில் சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வரிக்கு மட்டும் கீழே சிவப்புக் கோடு: எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்.

அது கல்லீரலில் குடியேறும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம். ரத்தத்தில் அது தென்பட்டால் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று பொருள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தும் இருந்தால் அது நாள்பட்ட தொற்று, அதாவது தங்கிவிட்ட தொற்று. எனக்கு அப்போது 25 வயது. ஒருநாள்கூட மஞ்சள் காமாலை வந்ததில்லை, ரத்தம் ஏற்றியதில்லை, பச்சை குத்தியதில்லை. வீட்டில் முதலில் எழுந்த கேள்வி எல்லா வீட்டிலும் எழுவதுதான். "இது யார்கிட்ட இருந்து வந்துச்சு?" அத்தை நேராக என்னிடம் கேட்கவில்லை. என் காதில் விழும்படி என் கணவரிடம் கேட்டார்.

திருச்சியில் கல்லீரல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க அம்மாவுக்கு டெஸ்ட் பண்ணியிருக்கா?" அம்மாவுக்கு எதற்கு என்று விழித்தேன். ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டுக் காட்டினார். வயது வந்த ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதைத் துரத்திவிடும். அதே வைரஸ் பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது வாழ்நாளுக்கும் தங்கிவிடும். பிறந்த குழந்தையின் எதிர்ப்பு சக்திக்கு அதை எதிரி என்று அடையாளம் தெரிவதில்லை. வீட்டு ஆள் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது. "உங்களுக்கு இவ்வளவு வைரஸ் இருந்தும் கல்லீரல் அமைதியா இருக்குன்னா, நீங்க பிறந்த அன்னைக்கே இது வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்றார்.

நான் பிறந்தது 1994. நம் நாட்டுப் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் அப்போது இந்த வைரஸுக்கான ஊசி கிடையாது. 2002-03இல் சில இடங்களில் சோதனையாக ஆரம்பித்து, 2011 வாக்கில்தான் நாடு முழுக்க வந்தது. இன்று தாயாகிற வயதில் இருக்கும் எங்கள் தலைமுறைக்கு அந்த ஊசி கிடைக்காமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

என் கணவருடைய ரிப்போர்ட் இன்னொரு விதமாக வந்தது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. இல்லை; ஆனால் வைரஸின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியும், மேலுறைக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்தன. அதாவது எப்போதோ ஒருநாள் வைரஸ் அவருக்குள் வந்திருக்கிறது, அவர் உடம்பு அதை விரட்டியிருக்கிறது, அவருக்கே தெரியாது. எங்கிருந்து வந்தது, என்னிடமிருந்தா, சவரக்கடையிலிருந்தா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகு அத்தை யாரிடமிருந்து என்று கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் டம்ளர் மாறியது. எனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், அடியில் நெயில்பாலிஷால் ஒரு பொட்டு. சாப்பிட்டதும் நானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்த வைரஸ் சாப்பாட்டில் பரவாது, தண்ணீரில் பரவாது, இருமலில் பரவாது, கட்டிப்பிடித்தால் பரவாது. தண்ணீரில் வருவது ஹெபடைடிஸ் ஏ, ஈ. அவை வந்துவிட்டுப் போகிறவை. பி பரவுவது ரத்தம் வழியாகவும், உடலுறவு வழியாகவும், தாயிடமிருந்து பிள்ளைக்கும். இதையெல்லாம் அத்தைக்குச் சொன்னேன். தலையை ஆட்டினார். டம்ளர் அப்படியே இருந்தது.

ஏழாம் மாதத்தில் எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருக்குமோ என்ற சந்தேகத்தில் வீட்டிலேயே பார்க்கச் சொன்னார்கள். அத்தைக்குச் சர்க்கரை பத்து வருடமாக. அவர்களிடம் மெஷின் உண்டு. அத்தையே பரிவோடு என் விரலைப் பிடித்து, அவர்கள் குத்திக்கொள்ளும் அதே பேனாவால், அதே ஊசியை மாற்றாமல், எனக்குக் குத்தினார். பஞ்சால் துடைத்துப் பேனாவை டப்பாவில் போட்டார். மறுநாள் காலை அதே ஊசி அவர் விரலில்.

மூன்று நாள் இப்படி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தட்டைப் பிரித்துவைத்த வீட்டில் ஊசியைப் பிரிக்கவில்லை. நல்லவேளையாக, ஜூலையிலேயே வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்து, தொற்று இல்லாத, எதிர்ப்பும் இல்லாத அத்தைக்குத் தடுப்பூசியில் இரண்டு தவணை போட்டிருந்தோம் (பெரியவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று). பிறகு பார்த்ததில் அத்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. காய்ந்த ரத்தத் துளியில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் தேவையே இல்லை. வீட்டில் பிரிக்க வேண்டியவை சில சாமான்கள்தான்: ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசியும் பேனாவும், காது மூக்குக் குத்தும் ஊசி. வெட்டுக்காயம் பட்டால் பிளாஸ்டர் போட்டு மூட வேண்டும். தரையில் ரத்தம் சிந்தினால் ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் விட்டுத் துடைக்க வேண்டும். டம்ளரெல்லாம் இதில் வரவே வராது.

வயிற்றுப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இ-ஆன்டிஜன் என்ற இன்னொன்றும் பாசிட்டிவ். வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறது என்பதற்கான அடையாளம் அது. வைரல் லோட், அதாவது வைரஸின் எண்ணிக்கை, ஒரு மில்லி ரத்தத்தில் 17 கோடி. கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் எஸ்ஜிபிடி 21தான். கல்லீரல் செல்கள் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி அது. டாக்டர் சொன்ன விளக்கம் எனக்கு மறக்காது. "கல்லீரலைக் கெடுக்கிறது வைரஸ் இல்லம்மா. வைரஸை அடிக்கப் போற உங்க படைதான், அது ஒளிஞ்சிருக்கிற செல்லையும் சேர்த்து அடிக்கும். உங்களுக்கு இன்னும் சண்டையே ஆரம்பிக்கல." அதனால் எனக்காக மருந்து அப்போது தேவையில்லை. பிள்ளைக்காகத் தேவை.

தொற்று பெரும்பாலும் பிறக்கும் நேரத்தில், தாயின் ரத்தத்தோடு குழந்தை உரசி வரும்போது நடக்கிறது. இ-ஆன்டிஜன் உள்ள தாய்க்கு எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் பத்துக் குழந்தைகளில் ஏழிலிருந்து ஒன்பது வரை தொற்றிக்கொள்ளும். ஊசி போட்டாலும், தாயின் வைரல் லோட் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தால் சில குழந்தைகளுக்கு ஊசியை மீறித் தொற்றிவிடுகிறது. ஆகவே 28வது வாரத்திலிருந்து, அதாவது தீபாவளிக்கு முந்தின வாரம், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை, தினமும் ஒன்று, 300 மில்லிகிராம் ஆரம்பித்தோம். டிசம்பரில், 36வது வாரம், மறுபடி பார்த்தபோது 17 கோடி 30 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. சிசேரியன் செய்தால் தப்பலாமா என்று கேட்டேன். இதற்காகச் சிசேரியன் வேண்டாம், பிறந்ததும் போடுகிற இரண்டு ஊசிதான் முக்கியம் என்றார்.

அந்த இரண்டும் வேறு வேறு. ஒன்று தடுப்பூசி, அரை மில்லி. குழந்தையின் உடம்புக்கு எதிரியின் படத்தைக் காட்டி, சொந்தப் படையைத் திரட்டச் சொல்வது. ஆனால் படை திரள வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காவலுக்கு ஆள் வேண்டும். அதற்குத்தான் இம்யூனோகுளோபுலின். வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த தயார்நிலை ஆன்டிபாடி அது, சில மாதம் காவல் நிற்கும். இரண்டையும் பிறந்த 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் மற்றது. டாக்டர் இதைக் கடிதமாகவே எழுதி, "பிரசவம் பாக்குற இடத்துல முன்கூட்டியே குடுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்க. தடுப்பூசி எல்லா இடத்துலயும் இருக்கும், குளோபுலின் இருக்காது" என்றார்.

கடிதத்தைத் துறையூரில் பிரசவம் பார்க்க இருந்த நர்சிங் ஹோமில் கொடுத்தோம். ஃபைலில் சொருகினார்கள். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

2020 ஜனவரி 14, போகி. அதிகாலை 2.40க்கு மகள் பிறந்தாள். நான் தையல் முடிந்து வெளியே வந்ததும் கேட்டது ஊசியைத்தான். டியூட்டி நர்ஸ், "அதெல்லாம் ஆறாவது வாரம் பெண்டாவேலன்ட்ல சேர்ந்து வரும்க்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். பொய் சொல்லவில்லை. ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் ஹெபடைடிஸ் பி உண்டு. 6, 10, 14 வாரங்களில் போடுவார்கள். ஆனால் அவை தொடர் தவணைகள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தவணையின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது. ஆறு வாரத்துக்குள் வைரஸ் கல்லீரலில் குடியேறிவிட்டால், பிறகு எத்தனை ஊசி போட்டும் பயனில்லை. வந்துவிட்டதை இந்த ஊசி விரட்டாது. கடிதத்தைப் பாருங்கள் என்றேன். ஃபைலில் கடிதம் இருந்தது, ஸ்டோரில் மருந்து இல்லை. யாரும் வாங்கி வைக்கவில்லை. பெரிய டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார்.

அந்த நர்ஸே இன்னொன்றும் சொன்னாள். ரிசல்ட் தெரியும் வரை பால் கொடுக்க வேண்டாமாம். அத்தை உடனே பவுடர் பாலுக்கு ஆளை அனுப்பப் பார்த்தார். இதுவும் தவறு. தாய்ப்பாலில் இது பரவுவதில்லை, ஊசி போடுகிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். காம்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தால் மட்டும் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு. நான் மகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் கணவர் மூன்று மணிக்கு பைக்கை எடுத்தார். திருச்சி 45 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எதிரே இருக்கும் இரவு மருந்துக்கடைகளில் இரண்டில் இல்லை. மூன்றாவதில் "ஸ்டாக்கிஸ்ட் எட்டு மணிக்கு வருவார்" என்றார்களாம். வழியெல்லாம் பழைய பாயும் டயரும் எரிகிற புகை. எட்டரைக்கு மருந்து கைக்கு வந்தது, 100 யூனிட், ஐயாயிரத்தை ஒட்டி விலை. கடைக்காரர் நல்ல மனிதர். சின்னத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கை வைத்து, மருந்துக் குப்பியைச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் வைத்தார். "ஐஸ் நேரா படக்கூடாது தம்பி. உறைஞ்சா வீண். போனதும் ஃப்ரீசர்ல வச்சிடாதீங்க, கீழ் தட்டுல வைங்க." இரண்டு மருந்துக்குமே 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரைதான். வெயில் கெடுப்பதைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். இந்தத் தடுப்பூசியை உறைபனி கெடுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இதற்கிடையில், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவமாகியிருந்தால் முதல் தவணை தானாகவே போட்டிருப்பார்கள் என்று என் சித்தி போனில் சொல்ல, காலையில் இன்னொரு நர்ஸ் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால் தடுப்பூசி இருக்கிறது, இரவெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது. இரண்டும் 11.10க்குப் போடப்பட்டன. எட்டரை மணி நேரம். 12க்குள்தான். ஆனாலும் தடுப்பூசிக்காவது அந்தக் காத்திருப்பு தேவையே இல்லை. குளோபுலின் கிடைக்காவிட்டாலும் தடுப்பூசியை உடனே போட்டுவிட வேண்டும், ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்கக்கூடாது.

பிறகு வேறொரு பெண்ணுக்கு இதே நிலை வந்தபோது நான் சொன்னது இதுதான்: கடிதத்தைக் கொடுத்துவிட்டு வராதே. 36வது வாரத்தில் மருந்தை நீயே வாங்கி, நீயே உன் வீட்டு ஃப்ரிட்ஜில் வை, வலி எடுத்ததும் பையில் துணியோடு அதையும் எடுத்துக்கொள். அப்படியே செய்தாள். அவளுக்கு நாற்பது நிமிஷத்தில் இரண்டும் போட்டாயிற்று.

தாய்க்குத் தொற்று இருந்தால் போடுவது சரி, எல்லாப் பிள்ளைக்கும் எதற்கு முதல் நாளே என்று என் தோழி கேட்டாள். தாய்க்கு டெஸ்ட் எடுக்காமலே நடக்கிற பிரசவங்கள் உண்டு. எடுத்தும் ரிப்போர்ட் வராமல், வந்தும் எங்கள் கடிதம் போல ஃபைலுக்குள் தூங்குவது உண்டு. தாய்க்கு இல்லாவிட்டாலும் தூக்கிக் கொஞ்சுகிற பாட்டிக்கோ அண்ணனுக்கோ இருக்கலாம். ஐந்து வயதுக்குள் தொற்றுகிற பிள்ளைகளிலும் கணிசமானவர்களுக்கு அது தங்கிவிடுகிறது. தைவான் 1984இல் முதலில் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், இரண்டு வருடத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஆரம்பித்தது. அப்போது தைபேயில் பத்தில் ஒரு குழந்தைக்கு இந்த வைரஸ் இருந்தது. பதினைந்து வருடத்தில் அது நூற்றில் ஒன்றுக்கும் கீழே போனது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த கல்லீரல் புற்றுநோயும் ஏறக்குறையப் பாதியானது.

மகளுக்கு ஆறாவது வார ஊசி பிப்ரவரி 26 புதன்கிழமை போட்டோம். பத்தாவது வாரத்துக்கு மார்ச் 25. ஊரடங்கின் முதல் நாள். அடுத்த இரண்டு தவணையும் ஒரு மாதம் தள்ளிப்போயின. கிராம செவிலியர் அக்காவுக்குத் தினமும் போன் போட்டு நச்சரித்தேன். "தள்ளிப்போனா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம், விட்ட இடத்துல இருந்து போட்டுக்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார்.

பலன் தெரிய ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் கடன் வாங்கிய ஆன்டிபாடி குழப்பும். நவம்பரில் எடுத்தோம். எச்.பி.எஸ்.ஏ.ஜி. இல்லை. எதிர்ப்பு அளவு 10க்கு மேல் இருந்தால் போதும், அவளுக்கு 386.

இனி அம்மா. என் ரிப்போர்ட் வந்த வாரமே அம்மாவுக்கும் எடுத்தோம். பாசிட்டிவ். வயது 54, களை பறிப்பார், தண்ணீர் பாய்ச்சுவார், மூட்டுவலி தவிர எந்தப் புகாரும் இல்லை. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு முன்பே, டாக்டர் ரிப்போர்ட் தாளின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். எஸ்ஜிபிடி போல இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி 62. அதை இயல்பின் உச்சமான 40ஆல் வகுத்தால் 1.55. ரத்தத் தட்டணுக்கள் 1,05,000, ஆயிரக்கணக்கில் 105. 1.55ஐ 105ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1.48. ஒன்றைத் தாண்டினால் கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இது எந்த ஊர் லேபிலும் எடுக்கிற இரண்டு சாதாரண டெஸ்டை வைத்துப் போடுகிற கணக்கு. ஃபைப்ரோஸ்கேனில் 15 வந்தது, சந்தேகம் உறுதியானது. ஐம்பது வருடம் சத்தமே போடாமல் உள்ளே தழும்பு ஏறியிருக்கிறது.

அம்மா அன்றே டெனோஃபோவிர் ஆரம்பித்தார். நிறுத்தவே கூடாத மாத்திரை. திடீரென்று விட்டால் வைரஸ் குபீரென்று எழும், சுருங்கிய கல்லீரல் அதைத் தாங்காது. மூட்டுவலிக்கு உள்ளூர்க் கடையில் வாங்கிக்கொண்டிருந்த ஸ்டீராய்டு மாத்திரையையும் டாக்டர் நிறுத்தினார். அதுவும் இந்த வைரஸைத் தட்டி எழுப்பும்.

அம்மா நம்பியது கீழாநெல்லியை. அதை நான் கேலி செய்ய மாட்டேன். காரணம், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கே அதை நம்பினார். அவரும் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. ஆனால் பிறகு வேறு ஊர்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் வரவில்லை. இதைச் சொன்னதும் அம்மா, "சரி, மாத்திரையும் போட்டுக்கறேன், இதையும் அரைச்சுக்கறேன்" என்றார். டாக்டரிடம் மறைக்கவில்லை என்பதோடு நான் விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவுக்கு வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும். முதல் ஐந்து முறையும் ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுக்கவா இவ்வளவு தூரம்?" என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் சண்டை. 2022இல் ஆறாவது ஸ்கேனில், வலப்பக்க மடலில் 1.8 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு. ஏ.எஃப்.பி. அப்போதும் 6தான், முழுக்க நார்மல். ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் தப்பவிட்டிருப்போம். மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுத்த சி.டி.யில் அந்த முடிச்சு முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கியது. புற்றுநோய்க்கான அடையாளம் அதுதானாம். சதைத் துண்டு எடுத்துப் பார்க்கவில்லை. தோல் வழியாக ஊசி செலுத்தி, சூடு வைத்து அதைக் கருக்கினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு சென்டிமீட்டர் ஆகியிருந்தால் இந்த வழி கஷ்டம் என்றார் டாக்டர்.

ஸ்கேன் பற்றி ஒன்று. "வயிற்று ஸ்கேன்" என்று மட்டும் எழுதிய சீட்டோடு போனால், பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, சிரோசிஸ், கல்லீரலில் முடிச்சு இருக்கிறதா பார்க்கவும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய ஸ்கேனையும் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். சிரோசிஸ் இல்லாமலே இந்த வைரஸ் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும் என்பதால், வயதையும் குடும்ப வரலாற்றையும் வைத்து எனக்கும் எப்போது ஸ்கேன் ஆரம்பிப்பது என்று டாக்டர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

என் கண்காணிப்பு அவ்வளவு பரபரப்பாக இல்லை. பிரசவத்துக்குப் பிறகு பன்னிரண்டு வாரம் மாத்திரை, பிறகு நிறுத்தம். நிறுத்தினால் சிலருக்கு எஸ்ஜிபிடி ஏறும், எனக்கும் கொஞ்சம் ஏறி இறங்கியது. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு எஸ்ஜிபிடி, வருடத்துக்கு ஒரு வைரல் லோட். 2023இல் எஸ்ஜிபிடி 58, மூன்று மாதம் கழித்து 64. லேப் தாளில் 45 வரை நார்மல் என்று போட்டிருந்தது, ஆனால் பெண்களுக்கு 25ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஃபைப்ரோஸ்கேன் 8.1. அவர் சொன்ன சண்டை ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து தினம் இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. 2018 ஜூலையில் ஆரம்பித்த தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் இது இலவசம். மாதாமாதம் அரசு மருத்துவமனையில் வாங்குகிறேன். போன முறை வைரல் லோட் கண்டறிய முடியாத அளவில் இருந்தது. குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் மூலப்பிரதியை வைத்துவிட்டுப் போயிருக்கிறது, அதை எடுக்க இன்னும் மருந்து வரவில்லை. அது பெருகுவதை மட்டும்தான் மாத்திரை தடுக்கிறது. வருடம் ஒருமுறை சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பார்க்கச் சொல்கிறார்கள்.

கடைசியாக அண்ணன். 2019இல் எல்லோரும் டெஸ்ட் எடுக்கப் போனபோது அவன் மட்டும் "எனக்கு வேலை இருக்கு" என்று நழுவினான். மூன்று வருடம் நழுவினான். அம்மாவுக்கு முடிச்சு என்று தெரிந்த அன்று இரவு என்னை மாடிக்குக் கூப்பிட்டு, "எனக்கும் இருக்கு பாப்பா. எனக்கு 2012லயே தெரியும்" என்றான்.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போனபோது வந்தது. ஹெபடைடிஸ் பி இருந்தால் அங்கே விசா கிடைக்காது. தாளில் "அன்ஃபிட்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். என்ன வியாதி, அடுத்து எந்த டாக்டரைப் பார்ப்பது, வீட்டில் வேறு யாருக்கு எடுப்பது என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. வெளியே நின்ற ஏஜென்ட்தான், "கேரியர்ப்பா, உடம்புக்கு ஒண்ணுமில்ல, வெளியில சொல்லாத, பொண்ணு கெடைக்காது" என்றிருக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்து ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னான். அப்பா அந்த ஏஜென்டைத் திட்டாத நாளில்லை.

2012இல் அம்மாவுக்கு 47 வயது. அப்போதே தெரிந்திருந்தால் என்று நான் கணக்குப் போட்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனும் போட்டிருப்பான்.

அடுத்த வாரமே திருச்சிக்குக் கூட்டிப்போனேன். எஸ்ஜிபிடி 22, வைரல் லோட் 600, ஃபைப்ரோஸ்கேன் 5. மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். அண்ணி, இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் எடுத்தோம், யாருக்கும் இல்லை. பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டிருந்த பதிவு அட்டையில் இருந்தது. அண்ணிக்கு மூன்று தவணை ஆரம்பித்தோம்.

டாக்டர் புது ஃபைலைத் திறந்து, "முதல்ல எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டார். அண்ணன் பர்ஸிலிருந்து நாலாக மடித்த, மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தான். பத்து வருடமாக அதைப் பர்ஸிலேயே வைத்திருந்திருக்கிறான். டாக்டர் முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், குண்டூசியால் குத்தி ஃபைலின் முதல் பக்கமாக வைத்துக்கொண்டார்.